வாசல் கல்லில் உடைந்த கிண்ணம்

தாஜிமி, பிப்ரவரி 12

அன்புள்ள தோவாகோவுக்கு,

உன் ஊரில் பனி கூரை வரை ஏறியிருக்கும். தோள்வலி எப்படி இருக்கிறது? அத்தை சௌக்கியம். காலையில் மூட்டு மடங்க மறுக்கிறது, வாயும் வழக்கம்போல மடங்குவதில்லை. உன் அண்ணன் போன பிறகு வந்த முதல் புத்தாண்டு என்பதால், துக்க வீட்டுக்கு அனுப்பக் கூடாதென்று, வாழ்த்து அட்டை எதுவும் வரவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நீ கோபிக்க மாட்டாய்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். சமூகக் கூடத்தில் நான் நடத்தும் மண்பாண்ட வகுப்பில், உடைந்த பாண்டத்தை ஒட்டித் தங்கக் கோடு போடும் கின்ட்சுகி பைத்தியம் பிடித்திருக்கிறது. யாரோ ஒரு பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார்கள். போன வாரம் குவாபாரா-சான், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தான் செய்த நல்ல கிண்ணத்தைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். "என்ன பண்றீங்க?" என்றேன். "அழகுபடுத்தறேன், டீச்சர்" என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மே மாத வாக்கில் இதைப் பற்றி ஒரு வகுப்பு எடுப்பதாகச் சொல்லிவிட்டேன். எனக்குச் சக்கரமும் சூளையும் தெரியும், உடைந்ததை ஒட்டத் தெரியாது. அது உன் தொழில். வபி-சபி என்றால் என்ன, கின்ட்சுகி எப்படிச் செய்வது என்று ஆரம்பத்திலிருந்து எழுது. ஒரு மாணவி சாதக் கிண்ணம் ஒன்று கொண்டுவந்திருக்கிறாள், ஏழு துண்டாக. அதை வைத்தே கற்றுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். போன் அத்தையின் தலைமாட்டில் இருக்கிறது. அதனால் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கினுயோ

---

கனசாவா, பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

பனி கூரை வரை இல்லை, கழுத்து வரைதான். தோள் பரவாயில்லை. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள், என்ன எழுதினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குவாபாரா-சானின் சுத்தியலைப் பிடுங்கி வையுங்கள். தவறி விழுந்ததற்கு மரியாதை உண்டு, நடிப்புக்குக் கிடையாது. வேண்டுமென்றே உடைத்துத் தங்கம் பூசினால் அது விபத்துபோல வேஷம் போட்ட நகை.

வபி-சபி என்ற சொல்லை வகுப்பில் பலகையில் எழுதி விளக்காதீர்கள், எல்லோருக்கும் தூக்கம் வரும். நான் என் கடையில் சொல்வது இதுதான். வபி என்பது குறைவாக இருப்பது, அதற்காக நொந்துகொள்ளாமல் இருப்பது. சபி என்பது காலம் பட்ட இடம். போன மாதம் ஒரு தேநீர்க் கிண்ணம் வந்தது. மெருகில் ஓடிய நுண்விரிசல்களில் பல காலத்துத் தேநீர் இறங்கிப் பழுப்பாகியிருந்தது. கொண்டுவந்த பையன், "இதையும் சுத்தம் பண்ணிடுங்க" என்றான். அவன் அப்பா பின்னாலேயே ஓடிவந்து, "அதைத் தொட்டீங்கன்னா நான் கிண்ணத்தை வாங்கிக்கவே மாட்டேன்" என்றார். அவருக்கு விளக்கமே தேவையில்லை.

இனி வேலை. துண்டுகளைக் கழுவி நன்றாக உலர வையுங்கள். உடைந்த ஓரங்களின் கூர்மையை அரத்தால் லேசாக மழுக்குங்கள். மண் பாண்டமானால் ஓரங்களில் பச்சை உருஷி அரக்கை மெல்லத் தடவித் துடைத்து இறுக விடுங்கள், இல்லாவிட்டால் பசையை மண் குடித்துவிடும். பிறகு கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அதே அளவு உருஷி சேர்த்து, நூல்போல இழுபடும் வரை குழையுங்கள். ஓரங்களில் மெல்லிசாகப் பூசி, கொஞ்சம் பிசுபிசுப்பு ஏறும்வரை பொறுத்து, அழுத்திச் சேர்த்துக் கட்டுங்கள். உருஷி ஒரு மரத்தின் பால், தோலில் பட்டால் அரிக்கும். கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் சமையல் எண்ணெயால் துடையுங்கள்.

கடையில் விற்கும் உடனடிப் பசையும் பித்தளைப் பொடியும் வேண்டாம். அது சாதம் சாப்பிடும் கிண்ணம் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

ஒரு டப்பா உருஷியும் மெல்லிய தூரிகையும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
தோவாகோ

---

தாஜிமி, மார்ச் 20

அன்புள்ள தோவாகோவுக்கு,

பிளம் பூத்துவிட்டது. அத்தை தினமும் ஒரு நடை வெளியே போகிறாள். நீ அனுப்பியது பத்திரமாக வந்தது.

நீ சொன்னபடியே செய்தேன். ஏழும் சேர்ந்து கிண்ணமாக நின்றபோது எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. சீக்கிரம் காயட்டும் என்று கெரசின் அடுப்புக்கு எதிரில் ஒரு வாரம் வைத்தேன். நேற்று கட்டை அவிழ்த்தேன். ஏழும் ஏழு பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விட்டன. பசை இன்னும் பசையாகவே இருக்கிறது. எங்கே தப்பு?

கையுறை போட்டேன். ஆனால் எப்போதோ அந்தக் கையாலேயே முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கியிருக்கிறேன். கண் இரண்டும் வீங்கிச் சிவந்து நீர் வடிகிறது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருவழியா அழுதியா" என்றாள். சாவு வீட்டில் நான் அழாதது அவள் மனதில் இருந்திருக்கிறது. "ஆமா அத்தை" என்றேன். உருஷி என்று சொல்ல முடியவில்லை. பிறகு என் அறைக்குப் போய், முகம் அப்படியே இருப்பதால் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில், நிஜமாகவே அழுதேன்.

நீ சிரிக்கலாம்.
கினுயோ

---

கனசாவா, ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

கண் எப்படி இருக்கிறது? குளிர்ந்த துணி வையுங்கள், சொறியாதீர்கள், மோசமானால் டாக்டரிடம் போங்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறை அந்த முகத்தோடு ஊர்வலம் போனவர்கள்தான்.

சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். உருஷி துணி இல்லை அண்ணி, அடுப்பெதிரில் காயாது. அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். சூடான வறண்ட அறையில் அப்படியே முழித்துக்கொண்டிருக்கும். அட்டைப்பெட்டி ஒன்றில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, மேலே குச்சிகளை அடுக்கி அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். மூடுங்கள். மழைக்கால அறைபோல உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும் இருக்க வேண்டும். பழைய பசையை எண்ணெயால் துடைத்தெடுத்து, பிறகு எண்ணெயே இல்லாமல் கழுவி மறுபடி ஒட்டுங்கள். வெளியே இறுகினாலும் உள்ளே இறுகாது. இரண்டு மூன்று வாரம் தொடவே தொடாதீர்கள்.

பிறகு பிதுங்கியதைக் கத்தியால் சீவுங்கள். சில்லு போன பள்ளங்களுக்கு, சலித்த மண்தூளைத் தண்ணீரில் குழைத்து உருஷி சேர்த்து நிரப்புங்கள். ஒரே தடவையில் தடிமனாகப் போட்டால் மேலே தோல் கட்டி உள்ளே அழுகிய மாதிரி நிற்கும். மெல்லிசாகப் போட்டு, பெட்டியில் வைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி போடுங்கள். விரலுக்கு விளிம்பு தட்டுப்படாமல் போகும்வரை. அதற்குமேல் கறுப்பு உருஷி ஒரு கோடு, இறுகியதும் அதையும் தேய்க்க வேண்டும். தங்கம் கடைசி நாள் விருந்தாளி. வீட்டு வேலை முழுக்க மாவும் மண்ணும்தான் பார்க்கின்றன.

இந்த மாணவி யார்? கிண்ணம் எப்படிப்பட்டது? நல்ல பொறுமைசாலியாக இருப்பாள் போல.

அம்மாவுக்கு என் வணக்கம்.
தோவாகோ

---

தாஜிமி, மே 6

அன்புள்ள தோவாகோவுக்கு,

வயல்களில் தண்ணீர் விட்டாயிற்று. நானும் அத்தையும் நலம். கண்ணும் சரியாகிவிட்டது.

ஒட்டிவிட்டது. தட்டிப் பார்த்தேன், மந்தமாக ஆனால் ஒரே குரலில் பேசுகிறது. மண்தூள் நிரப்புவதை நாலு முறை செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கே உடைந்தது என்று தெரியவில்லை. உன் வேலை இவ்வளவு நிதானமானது என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருக்கிறது. நான் ஒரு கிண்ணத்தை நொடியில் இழுத்துவிடுவேன். நீ அதன் ஒரு விரிசலோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாய்.

வகுப்பும் எடுத்தேன். பலகையில் எதுவும் எழுதவில்லை. கிண்ணத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தேன். குவாபாரா-சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கம் இல்லாமலேயே நல்லாயிருக்கே டீச்சர். என் கிண்ணத்தை உடைச்சது பாவம்தான்" என்றார். அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

ஒரு சந்தேகம். விளிம்பில் சுண்டுவிரல் நக அளவு ஒரு துண்டு கிடைக்கவில்லை. வாசல் சரளையில் போயிருக்க வேண்டும். அதை எப்படி நிரப்புவது?

கிண்ணம் எப்படிப்பட்டது என்று கேட்டாய். பெரிதாக ஒன்றுமில்லை. சாம்பல் மெருகு. ஒரு பக்கம் சாய்ந்த விளிம்பு. பாதத்துக்கு மேலே செய்தவளின் கட்டைவிரல் தடம் அப்படியே நின்றுபோயிருக்கிறது.

கினுயோ

---

தாஜிமி, ஜூன் 3

தோவாகோவுக்கு,

மழைக்காலம் வரப்போகிறது. உன்னிடமிருந்து பதில் இல்லை. தோள்வலியா? கடையில் வேலை அதிகமா?

கறுப்புக் கோடு போட்டுத் தேய்த்தாயிற்று. விளிம்பு ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டு வரி எழுதினாலும் போதும்.
கினுயோ

---

கனசாவா, ஜூன் 16

அண்ணிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

சாய்ந்த விளிம்பு. கட்டைவிரல் தடம். வாசல் சரளை. மாணவி யாரும் இல்லை, அல்லவா? அது மோரியோ அண்ணனின் கிண்ணம். நீங்கள் கல்யாணமாகி வந்த வருஷம் சக்கரத்தில் முதல்முதலாக இழுத்தது. "இதுல சாதம் ஒரு பக்கம் சரியுது" என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை அதில்தான் சாப்பிட்டான்.

அதை உடைத்தவள் நான். சவப்பெட்டி வாசலைத் தாண்டும்போது அம்மா அதை என் கையில் கொடுத்தாள். "ஓங்கிப் போடு. உடையலைன்னா இங்கே இன்னும் சாப்பாடு இருக்குன்னு நினைச்சுத் திரும்பித் திரும்பி வருவான்" என்றாள். நான் ஓங்கித்தான் போட்டேன். எல்லா ஊரிலும் அந்த வழக்கம் இல்லை. நம் வீட்டில் உண்டு. அண்ணன் அலையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு செய்த கடைசிக் காரியம் அது.

நீங்கள் அதைப் பொறுக்கி எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். என் உருஷியால். எனக்குத் தெரியாமல் என்னிடமே கற்றுக்கொண்டு.

என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் இப்போது எங்கே நிற்கிறான், உள்ளேயா வாசலிலா? உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தோவாகோ

---

தாஜிமி, ஜூன் 22

அன்புள்ள தோவாகோவுக்கு,

நீ நலமாக இருப்பது தெரிந்ததே போதும். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. கேட்டிருந்தால் மறுத்திருப்பாய் என்று தெரிந்துதான் மாணவியைக் கற்பனை செய்தேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோது எல்லோரும் தீட்டுப் போக உப்புத் தூவிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். கைக்கு அகப்பட்டதையெல்லாம் கறுப்பு கிமோனோவின் அகலக் கைமடிப்புக்குள் போட்டுக்கொண்டேன். அவரைப் பிடித்து வைக்க வேண்டும் என்று நினைத்தேனா? அன்றைக்கு நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. நவம்பரில் இங்கே உனக்குச் சாப்பாடு இல்லை என்று கிண்ணத்தை உடைக்கிறோம். ஆகஸ்டில், போனவர்கள் வீடு திரும்பும் ஓபோனுக்கு வாசலில் நெருப்பு மூட்டி வா வா என்று கூப்பிடுகிறோம். வருகிறவர் எதில் சாப்பிடுவார்? இது அவருடைய முதல் ஓபோன். அதற்குள் கிண்ணம் முடிய வேண்டும் என்றுதான் பிப்ரவரியிலேயே ஆரம்பித்தேன்.

உனக்கு வேண்டாம் என்றால் சொல். ஆற்றில் போட்டுவிடுகிறேன். இந்தமுறை நானே போடுகிறேன்.

கினுயோ

---

கனசாவா, ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

மழை விடாமல் பெய்கிறது. உருஷிக்கு நல்ல காலம், எனக்குத்தான் எலும்பெல்லாம் ஊறுகிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக் கோயில் குருவிடம் போனேன். "எங்க சம்பிரதாயத்துல கிண்ணமே உடைக்கறதில்ல. போனவர் நேரா சுகலோகம் போயாச்சு, அவர் எங்கே அலையறார்" என்று சிரித்தார். அது அவருக்குச் சுலபம். கிண்ணம் அவர் கையிலா இருந்தது?

திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்தேன். ஒரு அம்மாள் ஒட்டக் கொடுத்த தட்டை வாங்க வந்தாள். தங்கக் கோட்டைப் பார்த்துவிட்டு, "அப்படியே பழையபடி ஆயிடுச்சு" என்றாள். நான் எல்லோரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். "இல்லம்மா. பழையபடி வேணும்னா நிறம் பொருத்தி மறைச்சிருப்பேன். அது போச்சு. இது வேற தட்டு, நீங்க புதுசா பழகணும்." சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது கேட்டது. இத்தனை வருஷமாக வாடிக்கையாளருக்குச் சொல்லிவந்தது என் காதில் ஒருநாளும் விழவில்லை.

நான் உடைத்தது அண்ணனின் கிண்ணம். அது உடைந்துவிட்டது. நீங்கள் ஒட்டி வைத்திருப்பது அது இல்லை.

ஆற்றில் போடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள். விளிம்பும் தங்கமும் நான் செய்கிறேன். உடைத்த கையே அதை முடிக்கட்டும்.

தோவாகோ

---

கனசாவா, ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த வெயிலில் அம்மாவை வெளியே விடாதீர்கள். எங்கள் ஊரில் ஓபோன் ஜூலையிலேயே முடிந்துவிட்டதால் எனக்கு இப்போது ஓய்வு.

கிண்ணம் இதோடு வருகிறது. பெட்டியைப் பிரித்து உங்கள் வேலையைப் பார்த்தபோது ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை. முதல் வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இணைப்பு ஒன்றில் மட்டும் ஓரம் மயிரிழை அளவு ஏறியிருக்கிறது. அதைச் சரிசெய்யவில்லை, அது உங்கள் கை.

விளிம்பு ஓட்டையை மரத்தூளும் உருஷியும் குழைத்து நிரப்பி, மேலே மண்தூள், பிறகு கறுப்பு என்று வந்தேன். கடைசியாகச் சிவப்பு உருஷியால் எல்லாக் கோட்டையும் மெல்லிசாக வரைந்தேன். தங்கம் போடும் நேரம்தான் கஷ்டம். முந்தினால் பொடி உருஷிக்குள் மூழ்கிவிடும், பிந்தினால் ஒட்டாது. வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு பட்டுக் கோட்டில் நீலப் பனி படர்ந்து மறையும், அந்த நேரம். பட்டுப் பஞ்சால் பொடியைத் தூவினேன். இறுகியதும் மேலே உருஷியைப் பூசித் துடைத்து, மீன் பல்லால் தேய்த்து மெருகேற்றினேன். மூன்று வாரமாகச் சும்மா இருந்து இறுகியிருக்கிறது, இனி சுடுசாதம் வைக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்காதீர்கள், ஊறப் போடாதீர்கள்.

விளிம்பில் தங்கம் கொஞ்சம் அகலமாகவே நிற்கிறது. கிண்ணத்தில் எதை வைப்பது, யாருக்கு வைப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. செய்து முடித்தவரைக்கும் அழகாக இருக்கிறது அண்ணி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தோவாகோ

---

தாஜிமி, ஆகஸ்ட் 17

அன்புள்ள தோவாகோவுக்கு,

ஓபோன் முடிந்தது. நேற்று வழியனுப்பும் நெருப்பும் மூட்டியாயிற்று. அத்தை களைத்திருக்கிறாள், ஆனால் நன்றாகத் தூங்கினாள்.

பெட்டியைப் பிரித்ததும் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். சாம்பல் மெருகில் அந்தக் கோடுகள் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகின்றன. நான் செய்த கிண்ணத்தில் இது எதுவும் இருந்ததில்லை. அவருக்கு இந்தக் கிண்ணத்தைத் தெரியாது. அது பார்த்ததும் புரிந்தது.

பதின்மூன்றாம் தேதி மாலை வாசல் கல்லருகே நெருப்பு மூட்டினோம். வீட்டுப் பூஜை மாடத்தில் அவருக்கு, விருந்தாளிக்கு வைக்கும் நல்ல கிண்ணத்தில் சாதம் வைத்தேன், ஊறுகாயும் கத்தரிக்காயும் பக்கத்தில். பிறகு எங்கள் இருவருக்கும் சாப்பாடு எடுத்து வந்தேன். எனக்கு இந்தக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டேன்.

அத்தை சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். கிண்ணத்தைக் கேட்டு வாங்கினாள். கட்டைவிரல் தடத்தைத் தடவினாள், பிறகு விளிம்பின் தங்கத்தை.

"இது தோவாகோ வேலையா?"

"பாதி அவ, பாதி நான்."

"யாரு சாப்பிடப் போறது இதுல?"

"நான்தான் அத்தை."

"அவன் வந்து கேட்டா?"

"உங்களோடதை உடைச்சாச்சு, இது என்னோடதுன்னு சொல்லுவேன்."

அத்தை பூஜை மாடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"அப்போ நெறைய போட்டுக்க. நவம்பர்லேர்ந்து அரைக் கிண்ணம் சாதத்தை வெச்சுக்கிட்டு எம் முன்னாலேயே உக்காந்திருக்க. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

சாதம் ஒரு பக்கம் சரியத்தான் செய்கிறது. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன், தோவாகோ.

கினுயோ